கோதுமை மலிந்தால் நிலக்காரருக்கு ஏன் நட்டம்? காரணி வளமும் வணிகத் திறப்பும்

தேன்மொழி_எம்ஏ

ஸ்டோல்பர்-சாமுவேல்சன் தேற்றத்தில் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். நிலம் குறைவாகவும் ஆட்கள் நிறையவும் இருக்கிற நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தால் குத்தகை இறங்கும், கூலி ஏறும். அதுவரை சரி. ஆனால் பாடம் அதோடு நிற்கவில்லை. நிலக்காரர் எந்தப் பொருளை வாங்கப் போனாலும், மலிந்துபோன கோதுமையையே வாங்கினாலும், முன்பைவிடக் குறைவாகத்தான் அவர் கைக்கு வரும் என்கிறது. குத்தகை 10 சதவீதம் இறங்கி, கோதுமை விலை 20 சதவீதம் இறங்கினால் அவருக்கு லாபம்தானே? அப்படி நடக்கவே முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இன்னொன்று, இது எங்காவது நிஜமாக நடந்திருக்கிறதா? கரும்பலகைக்கு வெளியே ஓர் உதாரணம் வேண்டும்.

ரங்கராஜன்_கோவை

இதைப் போட்டு ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம் அம்மா. வணிகம் என்றால் இரு தரப்புக்கும் லாபம் என்று ரிக்கார்டோ 1817-லேயே காட்டிவிட்டார். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுக்கல் திராட்சை மது செய்யட்டும், இருவரும் முன்பைவிட நன்றாக இருப்பார்கள். நிலக்காரருக்குக் கொஞ்ச நாள் கஷ்டம் இருக்கலாம். பொருள் மலிவாகக் கிடைக்கும்போது கடைசியில் எல்லோருக்கும் நல்லதுதான்.

கணக்குப்பிள்ளை

ரங்கராஜன் சார், நாடு மொத்தமாக லாபம் அடைகிறது என்பதில் சண்டை இல்லை. ஆனால் அந்த மது-துணி உதாரணத்தில் உற்பத்திக்கு வேண்டிய காரணியாக உழைப்பு ஒன்றுதான் இருக்கிறது. பங்கு பிரிக்க இன்னொருவர் இல்லாத வீட்டில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியே எழாது. அதே ரிக்கார்டோ 1815-ல் தானிய இறக்குமதியைப் பற்றி எழுதியபோது நிலக்காரரின் நலன் மற்றவர்கள் நலனுக்கு எதிராக நிற்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

தேன்மொழி, உங்கள் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு மூட்டை கோதுமைக்கு 4 பங்கு நிலம், 2 பங்கு உழைப்பு. ஒரு கட்டுத் துணிக்கு 1 பங்கு நிலம், 3 பங்கு உழைப்பு. குத்தகை r, கூலி w. இரண்டும் ஆளுக்கு 10 காசு என்று தொடங்குவோம். போட்டி இருந்தால் விலை செலவுக்குச் சமமாக நிற்கும்:

```
கோதுமை: 4r + 2w = 60
துணி:    1r + 3w = 40
```

இப்போது வெளியிலிருந்து மலிவான கோதுமை வந்து இறங்குகிறது. விலை 60-லிருந்து 50 ஆகிறது. துணி 40-லேயே நிற்கிறது. மறுபடி தீர்த்துப் பாருங்கள்:

```
4r + 2w = 50
1r + 3w = 40
=> w = 11, r = 7
```

கோதுமை விலை 17 சதவீதம் போல இறங்கியது. குத்தகையோ 30 சதவீதம் இறங்கிவிட்டது. கூலி 10 சதவீதம் ஏறியது. நிலக்காரர் 10 காசில் முன்பு 0.167 மூட்டை கோதுமை வாங்கினார், இப்போது 7 காசில் 0.14 மூட்டைதான். துணியில் 0.25 கட்டு 0.175 ஆகிவிட்டது. உழைப்பாளிக்கு இரண்டிலும் கூடுகிறது.

ஏன் இப்படித்தான் ஆக வேண்டும் என்பது துணிச் சமன்பாட்டில் இருக்கிறது. துணியின் விலை மாறவில்லை. குத்தகை இறங்கிவிட்டது. கூலியும் ஏறாமல் இருந்தால் துணி ஆலைக்காரருக்குச் செலவு போக மிச்சம் நிற்கும். மிச்சம் நிற்கிற தொழிலுக்கு எல்லோரும் ஓடி வருவார்கள், ஆட்களைப் பிடிக்கக் கூலியை ஏற்றுவார்கள். ஆகவே கூலி ஏறியே தீரும். இனி கோதுமைச் சமன்பாட்டுக்கு வாருங்கள். விலை இறங்கிவிட்டது, ஆட்கூலி ஏறிவிட்டது. இரண்டு அடியையும் தாங்க மீதி இருப்பது நிலம் ஒன்றுதான். அதனால்தான் குத்தகையின் வீழ்ச்சி கோதுமை விலையின் வீழ்ச்சியைவிடப் பெரிதாகவே இருக்கும். நீங்கள் சொன்ன '10 சதவீதம் இறங்கினால்' என்ற நிலை இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

தேன்மொழி_எம்ஏ

நன்றி ஐயா, இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கூலி ஏறி குத்தகை இறங்கினால் இரண்டு தொழிலுமே ஆட்களைக் குறைத்து நிலத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தப் பார்க்கும். நாட்டில் ஆட்களின் எண்ணிக்கை அதேதான். அப்படியானால் வெளியே தள்ளப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?

கணக்குப்பிள்ளை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். தொழில்களின் அளவு மாறுவதில்தான் விடை இருக்கிறது. மொத்தம் 100 நிலம், 100 ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கோதுமையில் 80 நிலம், 40 ஆட்கள். துணியில் 20 நிலம், 60 ஆட்கள். திறந்த பிறகு கோதுமையில் 70 நிலம், 30 ஆட்கள். துணியில் 30 நிலம், 70 ஆட்கள்.

ஒரு பங்கு நிலத்துக்கு எத்தனை ஆட்கள் என்று பாருங்கள். கோதுமையில் 0.5 இருந்தது 0.43 ஆனது. துணியில் 3 இருந்தது 2.33 ஆனது. இரண்டிலுமே ஆள் குறைந்திருக்கிறது. ஆனாலும் 100 பேருக்கும் வேலை இருக்கிறது, ஏனென்றால் ஆட்களை அதிகம் கேட்கிற தொழில் பெரிதாகிவிட்டது. முந்தைய பதிவில் 4, 2, 1, 3 என்ற விகிதங்களை அசையாமல் வைத்தேன். அது விலைக் கணக்குக்கு வசதி. நிஜத்தில் அவை இப்படித்தான் அசையும்.

யாழ்வேந்தன்

கரும்பலகைக்கு வெளியே உதாரணம் கேட்டிருந்தீர்கள். 1870-க்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை ஐரோப்பாவுக்குள் புகுந்த கதையைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. நாட்டின் காரணி வளத்தை வைத்து வணிகத்தைக் கணிக்கிற கோட்பாட்டை ஹெக்ஷர் 1919-ல் கட்டுரையாக எழுதியதும், அவர் மாணவர் ஓலின் 1933-ல் அதை நூலாக விரித்ததும் சுவீடனில் இருந்துகொண்டு. அவர்கள் கண் முன்னே இருந்தது இந்த உலகம்தான். ஒருபுறம் நிலம் கொட்டிக் கிடந்து ஆள் இல்லாத அமெரிக்கா, அர்ஜென்டினா. மறுபுறம் ஆட்கள் நெருங்கி வாழ்ந்து நிலம் போதாத பிரிட்டன், சுவீடன்.

இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களைப் பிரிட்டன் 1846-லேயே நீக்கிவிட்டது. ஆனால் உடனே நிலக்காரர் விழவில்லை, ஏனென்றால் கப்பல் செலவே ஒரு சுங்க வரிபோலக் காத்து நின்றது. 1870-ல் லிவர்பூலில் கோதுமை விலை சிகாகோ விலையைவிட 58 சதவீதம் போல அதிகம். 1913-ல் அந்த இடைவெளி 16 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ரயிலும் நீராவிக் கப்பலும் செய்த வேலை அது. இங்கிலாந்தில் குவார்ட்டர் என்ற அன்றைய தானிய அளவில் ஒரு குவார்ட்டர் கோதுமை 1877-ல் 56 ஷில்லிங் 9 பென்ஸ் விற்றது. 1894-ல் 22 ஷில்லிங் 10 பென்ஸ். 1870-களில் 35 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த கோதுமைப் பரப்பு 1895-ல் 15 லட்சத்துக்கும் கீழே போனது. கணக்குப்பிள்ளை சொன்ன 'ஆள் குறைந்து நிலம் கூடுதல்' என்பதும் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. உழுத வயல்களைப் புல்லாக விட்டு மாடு மேய்த்தார்கள். மேய்ச்சலுக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் மிகக் குறைவு.

வரலாற்றாசிரியர்கள் ஓ'ரூர்க், வில்லியம்சன் ஆகியோர் சேர்த்த கணக்கின்படி பிரிட்டனில் நிலத்தின் விலையோடு ஒப்பிட்ட கூலி 1870-க்கும் 1910-க்கும் இடையில் சுமார் 2.7 மடங்கானது. அர்ஜென்டினாவில் அது 1880-களில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. இரண்டு பக்கமும் தேற்றம் சொன்ன திசையிலேயே நகர்ந்திருக்கின்றன.

மணிமாறன்

யாழ்வேந்தன், 1873-லிருந்து 1896 வரை உலகம் முழுவதும் விலைகள் இறங்கின. இரும்பு, பருத்தி எல்லாமே மலிந்தன. கோதுமை 56-லிருந்து 22-க்கு வந்தது என்று சொல்லிவிட்டு அதை வணிகத்தின் கணக்கில் எழுதுவது சரியா?

யாழ்வேந்தன்

ஷில்லிங் விலையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். பணத்தின் மதிப்பு மாறினால் லிவர்பூலும் சிகாகோவும் சேர்ந்தே இறங்கும், இடைவெளி சதவீதத்தில் மாறாது. இங்கே இடைவெளியே சுருங்கியது. அடுத்து, கூலிக்கும் நிலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதால் பொதுவான விலை வீழ்ச்சி மேலும் கீழும் அடிபட்டுப் போகும்.

இங்கிலாந்துக்குள்ளேயே இன்னொரு சோதனை உண்டு. எசெக்ஸ் மாவட்டத்தின் களிமண் கோதுமை நிலங்கள் மிக மோசமாக அடிபட்டன. பால் கறந்து விற்ற செஷயர், லங்காஷயர் பக்கம் குத்தகை அந்த அளவு இறங்கவில்லை. பணம்தான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல இறங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் முழுப் பழியையும் வணிகத்தின் மேல் போட முடியாது. ஆலைத் தொழிலின் வளர்ச்சி, ஐரோப்பாவை விட்டுக் கோடிக்கணக்கானோர் வெளியேறியது, இவையும் கூலியை உயர்த்தின. எது எவ்வளவு என்பதில் இன்றும் வழக்கு இருக்கிறது.

ரங்கராஜன்_கோவை

அப்படியானால் ஜெர்மனியில் என்ன நடந்தது? அவர்களும் நிலம் குறைந்த நாடுதானே?

யாழ்வேந்தன்

அங்கே நிலக்காரர்கள் அரசியலில் பலமாக இருந்தார்கள். பிஸ்மார்க் 1879-ல் 100 கிலோ கோதுமைக்கும் கம்புக்கும் 1 மார்க் சுங்கம் போட்டார். இங்கே கம்பு என்றால் நம் ஊர்க் கம்பு இல்லை, ரை என்ற குளிர்நாட்டுத் தானியம். 1885-ல் அது 3 மார்க், 1887-ல் 5 மார்க். கிழக்கு பிரஷ்யாவின் நிலக்காரர்களும் இரும்பு ஆலை முதலாளிகளும் கைகோத்துக்கொண்டார்கள், இருவருக்கும் சுங்கம் தேவைப்பட்டது. ரொட்டி விலையைச் சுமந்தது உழைப்பாளி. சமூக ஜனநாயகக் கட்சி தானியச் சுங்கத்தை ஏன் எதிர்த்தது என்பதைத் தேற்றத்தை வைத்தே வாசிக்கலாம்.

டென்மார்க் வேறு வழி எடுத்தது. சுங்கம் போடவில்லை. மலிந்த தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாக்கி, வெண்ணெயும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் செய்து இங்கிலாந்துக்கு விற்றது. அதனால் ஒரு நுணுக்கம் வருகிறது. தானியத்தை விற்கிற விவசாயிக்கு விலை வீழ்ச்சி நட்டம், தானியத்தைத் தீனியாக வாங்குகிற விவசாயிக்கு அதுவே செலவுக் குறைவு. 'நிலம்' என்று ஒரே சொல்லில் அடக்கினால் இது தெரியாமல் போய்விடும்.

வயல்காடு

படித்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. பாமாயில் இறக்குமதி வரி குறைந்தபோதெல்லாம் கொப்பரை விலை அடி வாங்குகிறது. நீங்கள் சொல்கிறபடி இந்தியாவில் நிலம் குறைவு, ஆள் அதிகம், அதனால் எங்களுக்கு நட்டம், தோப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் கூலி ஏறும் என்று எடுத்துக்கொள்ளலாமா? மரம் ஏறுகிறவர்களுக்குக் கூலி ஏறித்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

வயல்காடு ஐயா, அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் தேற்றம் நிலமும் ஆட்களும் ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்குத் தடையில்லாமல் போகிற நீண்ட காலத்துக்கு உரியது. தென்னை வைத்துக் காய்ப்புக்கு வரப் பல வருடம். மரம் நின்ற இடத்தில் நிற்கும். விலை விழுந்தால் நட்டம் அந்த மரத்தில் போட்ட முதலின் மேல் விழுகிறது. நாட்டில் உள்ள எல்லா நிலத்தின் மேலும் விழுவதில்லை. இதற்குத் தனிக் கணக்கு உண்டு, சாமுவேல்சனும் ஜோன்ஸும் 1971-ல் எழுதினார்கள். அதில் தொழிலோடு கட்டுண்ட முதல் அத்தொழிலின் விலையோடு ஏறும், இறங்கும். இடம் மாறக்கூடிய ஆட்களுக்கு நன்மையா தீமையா என்பது அவர்கள் எதை அதிகம் வாங்கிச் செலவழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டில் எது நடக்கிறது என்று உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஒரே கிராமத்தில், ஒரே மாதிரித் தண்ணீர் வசதி உள்ள தோப்பின் குத்தகையையும், வேறு பயிர் செய்கிற வெறும் நிலத்தின் குத்தகையையும் எடுத்து வைத்துப் பாருங்கள். தோப்பு மட்டும் இறங்கினால் நட்டம் மரத்தில் நிற்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் நிலம் என்ற காரணிக்கு வந்த நட்டம் என்று பேசலாம். நிலத்தின் விற்பனை விலையை வைத்துப் பார்க்காதீர்கள். சாலை ஓர மனை விலை அதில் கலந்து கணக்கையே கெடுத்துவிடும். மரம் ஏறுகிறவர் கூலிக்கும் பாமாயிலுக்கும் நேர்த் தொடர்பு தேடவும் வேண்டாம். ஏறத் தெரிந்த ஆட்கள் குறைந்துபோனதும் காரணமாக இருக்கலாம்.

வயல்காடு

வெறும் நிலக் குத்தகை எங்கள் பக்கம் பெரிதாக மாறவில்லை. தோப்புக் குத்தகைதான் விழுந்தது. அப்படியானால் மரம்தான்.

செல்வி_பினாங்கு

நிலம் மிகுந்த பக்கத்தின் கதையும் வேண்டும் என்றால் கீழ்ப் பர்மாவைப் பாருங்கள், அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1850-களில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் பரப்பு 1930-களில் ஏறக்குறைய 1 கோடி ஏக்கர். அரிசி ரங்கூன் வழியாக வெளியே போனது. நிலம் மிகுந்த நாடு ஏற்றுமதி செய்தால் நிலத்தின் மதிப்பு ஏறும் என்பது அப்படியே நடந்தது. ஏறுகிற நிலத்தை ஈடாக வைத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். தெலுங்கு, தமிழ்க் கூலியாட்கள் கடல் கடந்து போய் அறுவடையும் ஆலை வேலையும் செய்தார்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் கூலி ஏறவில்லை, நிலத்தின் பங்கு இன்னும் பெருகியது.

1930-ல் அரிசி விலை சரிந்ததும் இதே இயந்திரம் திரும்பிச் சுற்றியது. நிலத்தின் மதிப்பு அரிசி விலையைவிட வேகமாக விழுந்தது, கடன் மட்டும் ரூபாயில் அப்படியே நின்றது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் கால் பங்கானது. அவர்கள் நிலம் வாங்கப் போனவர்கள் இல்லை, வராத கடனுக்கு நிலம் வந்து சேர்ந்தது.

கணக்குப்பிள்ளை

அருமையான உதாரணம். ஒரு எச்சரிக்கை மட்டும். பர்மாவில் நிலத்தின் அளவே நிலையாக இல்லை. விலை ஏற ஏறக் காட்டை வெட்டிப் புது நிலம் சேர்த்தார்கள். நாட்டின் வளம் இவ்வளவு என்று முதலில் எழுதி வைத்து அதிலிருந்து வணிகத்தைக் கணிக்கிறோம். அங்கே வணிகமே வளத்தின் அளவை மாற்றியது.

மணிமாறன்

அந்த வளத்தை அளக்கிற இடத்திலேயே கோளாறு இருக்கிறது. பொருளியலாளர் லியோன்டிஃப் 1953-ல் அமெரிக்காவின் 1947 கணக்கை எடுத்துப் பார்த்தார். ஏற்றுமதித் தொழில்களில் ஓர் ஆளுக்குச் சுமார் 14,000 டாலர் மூலதனம். இறக்குமதியோடு போட்டியிடுகிற தொழில்களில் 18,000 டாலர். மூலதனம் மிகுந்த நாடு உழைப்பு மிகுந்த பொருளை விற்கிறது. பிறகு இந்தக் கோட்பாட்டை வைத்து எப்படிக் கணிப்பது?

கணக்குப்பிள்ளை

இரண்டு விஷயம். அந்தக் கணக்கில் உழைப்பு என்று ஒரே தலைப்பில் இன்ஜினியரும் கூலியாளும் இருக்கிறார்கள். அமெரிக்கா விற்றதில் திறன் மிகுந்த உழைப்பு நிறைய. இன்னொன்றை லீமர் 1980-ல் சுட்டிக்காட்டினார். 1947-ல் அமெரிக்கா இறக்குமதியைவிட மிக அதிகமாக ஏற்றுமதி செய்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் ஒப்பிடுவது தவறான அளவுகோல், உற்பத்தியையும் நாட்டின் நுகர்வையும் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் முரண் கரைந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் சந்தேகம் முழுவதும் தீரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நாட்டிலும் ஒரே தொழில்நுட்பம் என்று வைத்தால், கோட்பாடு எதிர்பார்க்கிற அளவில் ஒரு சிறு பகுதிதான் உண்மையில் காரணிகள் வணிகத்தில் நகர்கின்றன என்று டிரெஃப்லர் 1995-ல் காட்டினார். வளத்தோடு தொழில்நுட்ப வேறுபாட்டையும் சேர்த்தால்தான் கணிப்பு தேறுகிறது.

மணிமாறன்

மெக்சிகோவை என்ன செய்வீர்கள்? 1980-களின் நடுவில் திறந்தார்கள், 1986-ல் காட் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்த அமைப்பில் சேர்ந்தார்கள். திறன் குறைந்த ஆட்கள் மிகுந்த நாடு. அவர்கள் கூலிதான் ஏறியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு, படித்தவர் கூலிக்கும் படிக்காதவர் கூலிக்கும் இடைவெளி கூடியது.

கணக்குப்பிள்ளை

எந்தப் பொருளின் சுங்கம் குறைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் திறப்புக்கு முன் அதிகப் பாதுகாப்பு இருந்ததே துணி, காலணி போன்ற, திறன் குறைந்த ஆட்களைக் கொண்ட தொழில்களுக்குத்தான். அந்தச் சுங்கத்தை எடுத்தால் அந்தப் பொருட்களின் விலை இறங்கும், தேற்றப்படியே அந்த ஆட்களின் கூலி இறங்கும். அமெரிக்காவுக்கு முன் ஆள் மிகுந்த நாடாகத் தெரிந்த மெக்சிகோ சீனாவுக்கு முன் அப்படி இல்லை.

இது முழு விடை இல்லை. இந்த விளக்கத்தை வைத்துக் கூலி இடைவெளியின் ஒரு பங்கைத்தான் கணக்கில் கொண்டுவர முடிகிறது. இயந்திரங்களும் கணினியும் வந்ததால் எவ்வளவு, அமெரிக்க முதலீட்டோடு வந்த வேலைகளால் எவ்வளவு என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தேன்மொழி_எம்ஏ

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் சமன்பாட்டில் கோதுமை விலையை இன்னும் இறக்கிப் பார்த்தேன். 30 என்றால் w = 13, r = 1. 25 என்று போட்டால் r = -0.5 வருகிறது. குத்தகை எப்படிக் கழித்தலில் போகும்?

கணக்குப்பிள்ளை

போகாது. விலை 26.67-ஐத் தொடும்போது அந்தக் கணக்கில் குத்தகை பூஜ்ஜியம். விகிதங்களை அசையாமல் வைத்ததால் இது இப்படிக் கூர்மையாகத் தெரிகிறது. நிஜத்தில் அதற்கு முன்பே நாடு கோதுமை விளைப்பதை நிறுத்திவிடும். நிறுத்திய பிறகு முதல் சமன்பாடு நம் நாட்டுக்குப் பொருந்தாது, துணிச் சமன்பாடு மட்டும்தான் மிச்சம். அதன் பிறகு கோதுமை விலை இன்னும் இறங்கினால் கூலியும் அசையாது, குத்தகையும் அசையாது. துணி வழியாக நிலத்துக்கு எவ்வளவு வருகிறதோ அதை வைத்து நிலக்காரரும் கூடுதல் கோதுமை வாங்கலாம்.

ரங்கராஜன் சார் முதலில் சொன்ன 'எல்லோருக்கும் நல்லது' என்பது அந்த எல்லைக்கு அப்பால் உண்மைதான். பிரிட்டன் அந்த எல்லையைத் தாண்டவில்லை. 1895-லும் 14 லட்சம் ஏக்கருக்கு மேல் கோதுமை விளைந்துகொண்டுதான் இருந்தது. அதனால் ஒவ்வொரு ஷில்லிங் வீழ்ச்சியும் எசெக்ஸ் நிலக்காரர் குத்தகையில் போய் விழுந்தது.

ரங்கராஜன்_கோவை

விளைச்சல் நின்ற பிறகுதான் நான் சொன்னது பொருந்தும் என்கிறீர்கள், சரி. ஆனால் நாடு மொத்தமாகப் பெற்ற லாபத்திலிருந்து நட்டப்பட்ட நிலக்காரருக்கு ஈடு கொடுக்கலாமே? அதைச் செய்தால் யாருக்கும் நட்டம் இல்லையே?

யாழ்வேந்தன்

கணக்கில் செய்யலாம் சார், லாபம் நட்டத்தைவிடப் பெரிதுதான். ஆனால் பிரிட்டனில் நடந்தது வேறு. 1896-ல் விவசாய நிலத்தின் மீதான உள்ளாட்சி வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். விழுந்த குத்தகைக்கு முன் அது சிறு தொகை. அரசியல்வாதி ஜோசப் சேம்பர்லின் 1903-ல் சுங்கத்தைத் திரும்பக் கொண்டுவரக் கிளம்பினார், 1906 தேர்தலில் சுங்கம் இல்லாத பெரிய ரொட்டியா சுங்கத்தோடு சிறிய ரொட்டியா என்ற பிரசாரத்துக்கு முன் அவர் பக்கம் தோற்றது. வாக்குரிமை அதற்குள் ஆண் உழைப்பாளிகளில் பலருக்குப் போய்விட்டிருந்தது.